வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கும் டிசிஎஸ்: பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்றின் கணக்கு

பாளையங்கோட்டையிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ பிள்ளையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற பெற்றோர், முதல் முறை வங்கியில் கல்விக் கட்டணம் கட்டியதும் பாஸ்புக்கைப் பார்த்துத் திகைக்கிறார்கள். பல்கலைக்கழகம் கேட்டது ஒரு தொகை, கணக்கிலிருந்து போனது அதைவிடக் கூடுதலான தொகை. வங்கிக் கமிஷன், ஜிஎஸ்டி போக இன்னும் சில பத்தாயிரம் ரூபாய் கழிந்திருக்கும். கேட்டால் "அது டிசிஎஸ் சார்" என்பார்கள். பலர் அதையும் வங்கிக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மேலப்பாளையத்திலிருந்து உம்ரா போகிறவர்களும், திருச்சபைக் குழுவோடு எருசலேம் போகிறவர்களும் டிராவல்ஸ் பில்லில் இதே எழுத்துகளைப் பார்க்கிறார்கள்.

அது கட்டணம் இல்லை. உங்கள் பான் எண்ணில், உங்கள் வருமான வரிக் கணக்கில், முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. சம்பளத்தில் டிடிஎஸ் பிடிப்பதற்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அங்கே உங்களுக்கு வருகிற பணத்திலிருந்து கழிக்கிறார்கள், இங்கே நீங்கள் கொடுக்கிற பணத்தோடு சேர்த்து வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் உங்கள் வரி எவ்வளவோ அதில் இதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால் ரீஃபண்டாக வந்துவிடும். வரியே கட்ட வேண்டாத ஆளாக இருந்தால் முழுத்தொகையும் திரும்பி வரும். ஆனால் தானாக வராது. கேட்டால்தான் வரும், சரியான இடத்தில் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்தே பார்ப்போம். கணவர் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், மகளுக்கு இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு. வங்கியில் கடன் வாங்கவில்லை, சேமிப்பையும் முதிர்ந்த வைப்புத் தொகையையும் வைத்து அனுப்புகிறார்கள். 2025 ஆகஸ்டில் கட்டணமாக 14 லட்சம், 2026 ஜனவரியில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 6 லட்சம். மகளைப் பார்த்துவிட்டு ஊரைச் சுற்றி வரலாம் என்று மார்ச் மாதம் ஒரு டிராவல்ஸில் 3,60,000 ரூபாய்க்கு இருவருக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் எடுத்தார்கள்.

விகிதம் எவ்வளவு

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம். அந்தத் திட்டத்தில் போகும் பணத்தின் மீது டிசிஎஸ் பிடிப்பது 2020 அக்டோபரில் தொடங்கியது. அப்போது வரம்பு 7 லட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 லட்சம். இணையத்தில் இன்னும் பாதிக் கட்டுரைகள் 7 லட்சம் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவை பழையவை.

நம் குடும்பம் பணம் அனுப்பிய 2025-26 நிதியாண்டில் விதி இதுதான்: ஏப்ரல் முதல் மார்ச் வரை அனுப்பிய மொத்தத்தில் முதல் 10 லட்சத்துக்கு டிசிஎஸ் இல்லை. அதற்கு மேல் போகிற தொகைக்கு மட்டும், படிப்புக்கோ மருத்துவத்துக்கோ என்றால் 5 சதவீதம், வேறு எதற்கு என்றாலும் 20 சதவீதம். உறவினருக்குப் பரிசு, வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தாரின் செலவு, அங்கே பங்கு வாங்குவது எல்லாம் அந்த 20 சதவீதத்தில் அடங்கும். 2026-27 பட்ஜெட்டில் அறிவித்தபடி 2026 ஏப்ரல் 1 முதல் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் 5 சதவீதம் 2 ஆகக் குறைகிறது. 10 லட்ச வரம்பும் அந்த 20 சதவீதமும் அப்படியே இருக்கின்றன.

வங்கியில் கல்விக் கடன் வாங்கி, அந்தக் கடன் பணமே வெளிநாட்டுக்குப் போனால் 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் கிடையாது, எத்தனை லட்சமானாலும் சரி. இங்கே நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலர் நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டுகிறார்கள். நகைக்கடன் கல்விக் கடன் ஆகாது. அந்தப் பணம் உங்கள் கைப்பணமாகவே எண்ணப்படும். கல்விக் கடனில் வங்கி உங்களைப் போடச் சொல்லும் பங்குத் தொகையும் அப்படியே.

யார் பெயரில் அனுப்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி இதுதான். 10 லட்ச வரம்பு குடும்பத்துக்கு ஒன்று இல்லை, பான் எண்ணுக்கு ஒன்று. கணவருக்கு ஒரு 10 லட்சம், மனைவிக்குத் தனியாக ஒரு 10 லட்சம். நம் குடும்பம் அனுப்பியது மொத்தம் 20 லட்சம். ஆளுக்குப் பத்தாக அவரவர் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் ஒரு ரூபாய்கூட டிசிஎஸ் வந்திருக்காது. கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அன்பளிப்பு என்ற வகையில் வரி எதுவும் இல்லை. ஆனால் எல்லாம் உண்மையாக நடக்க வேண்டும். மனைவியின் கணக்கில் பணம் வந்து, மனைவியின் கையெழுத்தில், மனைவியின் பான் எண்ணில் போக வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்டால் காட்ட, கணவர் கணக்கிலிருந்து வந்த வரவு பாஸ்புக்கில் தெரிய வேண்டும்.

அப்படியானால் இவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை? மனைவியின் பான் அட்டை ஆதாரோடு இணையவில்லை. ஆதாரில் பெயரும் ஓர் இனிஷியலும், பான் அட்டையில் தந்தை பெயர் முழு நீளத்தில். தமிழ்ப் பெயர்களுக்கு இது ஓயாத தொல்லை. இணையாத பான் செயல்படாத பான். அதில் டிசிஎஸ் பிடித்தால் கூடுதல் விகிதத்தில் பிடிப்பார்கள். பெயரைத் திருத்தி இணைக்க வாரக்கணக்கில் ஆகலாம், கட்டணத்துக்கோ கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அதனால் முழுப்பணமும் கணவர் கணக்கிலிருந்தே போனது. பிள்ளைக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே வீட்டில் இருக்கும் எல்லோருடைய பான், ஆதார் இரண்டையும் எடுத்து வைத்துப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விசா வேலையோடு வேலையாக இதையும் முடித்துவிடலாம்.

பெயரைப் பிரிப்பதால் பயன் உண்டு, வங்கியைப் பிரிப்பதால் இல்லை. ஒரு வங்கியில் 8 லட்சம், இன்னொன்றில் 8 லட்சம் அனுப்பினாலும் உங்கள் பான் எண்ணில் 16 லட்சம்தான். இந்த ஆண்டு வேறு எங்கெங்கே எவ்வளவு அனுப்பினீர்கள் என்று வங்கி உங்களிடம் எழுதி வாங்கும். அதில் மறைத்தால் பொறுப்பு உங்களுடையது.

வரவு யாருக்கு என்பதும் இதே பான் எண்ணைப் பொறுத்ததுதான். யாருடைய பான் எண்ணில் டிசிஎஸ் பிடித்தார்களோ அவர்தான் அதைத் தன் வரியில் கழிக்க முடியும். மகளுக்காகப் போன பணம் என்பதால் மகள் கேட்க முடியாது. கணவர் பெயரில் பிடித்ததை மனைவி கேட்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் பணம் போனால் மட்டும், பிள்ளையின் வருமானம் எந்தப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்கிறதோ அவர் கேட்க 2025 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது.

ஏ2 படிவத்தில் ஒரே ஒரு கட்டம்

எல்லா வங்கிக் கிளையிலும் அந்நியச் செலாவணி வேலை நடப்பதில்லை. உங்கள் கிளை காகிதங்களை வாங்கி அதற்கென்று இருக்கும் கிளைக்கு அனுப்பும். அங்கே இருப்பவர்கள் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள், படிவத்தில் இருப்பதை மட்டுமே பார்ப்பார்கள். அதனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவத்தில் பணம் எதற்கு என்பதைச் சொல்லும் நோக்கக் குறியீட்டை நீங்களே ஒரு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாடு சென்று படிப்பதற்கான குறியீடு S0305. கட்டணம் மட்டுமின்றி விடுதிச் செலவும் அதில் அடங்கும். படிக்கும் பிள்ளையின் விமானச் சீட்டு, அன்றாடச் செலவு ஆகியவற்றையும் கல்விச் செலவாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. குடும்பப் பராமரிப்புக்கான குறியீடு S1301.

குழப்பம் பெரும்பாலும் இரண்டாம் தடவை அனுப்பும்போது வருகிறது. ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் பணம் போனது, கட்டண பில்லும் கூடவே இருந்தது, யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜனவரியில் பணம் மகளின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. படிவத்தை நிரப்புகிறவர் அதைப் பார்த்துவிட்டு S1301 என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

"சார், இது பொண்ணு பேர்ல இருக்க அக்கவுண்டுக்குத்தானே போகுது? ஃபேமிலி மெயின்டனன்ஸ்னு போட்டுருதேன்."

"இல்ல சார், அவ அங்க படிக்கா. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்தான். காலேஜ் லெட்டர் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சின் மதிப்பு 90,000 ரூபாய். ஆகஸ்டிலேயே 10 லட்ச வரம்பு முடிந்துவிட்டதால் ஜனவரியில் போன 6 லட்சம் முழுவதுக்கும் டிசிஎஸ் உண்டு. படிப்பு என்றால் 5 சதவீதம், 30,000 ரூபாய். குடும்பப் பராமரிப்பு என்றால் 20 சதவீதம், 1,20,000 ரூபாய். தவறாக எழுதிவிட்டாலும் பணம் தொலைந்துபோகாது, ரிட்டர்னில் முழுவதையும் கேட்கலாம். ஆனால் ரீஃபண்டு வரும்வரை அந்த 90,000 ரூபாய் உங்கள் கையில் இருக்காது. பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் நேரத்தில் அது சின்னத் தொகை இல்லை. மாணவர் என்பதற்கான கடிதத்தின் நகல் ஒன்றை ஒவ்வொரு முறையும் படிவத்தோடு இணைத்துவிட்டால் போதும்.

ஆகஸ்டு கணக்கையும் முடித்துவிடுவோம். 14 லட்சத்தில் முதல் 10 லட்சம் போக 4 லட்சம், அதில் 5 சதவீதம் 20,000. ஜனவரியில் 30,000. ஆக வங்கி வழியாக ஆசிரியரின் பான் எண்ணில் ஏறியது 50,000 ரூபாய்.

டிராவல்ஸ் பேக்கேஜ்

இங்கே விதி வேறு. பேக்கேஜுக்குப் பத்து லட்சம் வரை விலக்கு என்று எதுவும் இல்லை, முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். 2025-26இல் 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. 2026 ஏப்ரல் 1 முதல் தொகை எவ்வளவானாலும் 2 சதவீதம். மார்ச்சில் பணம் கட்டிய நம் குடும்பத்துக்கு 3,60,000 ரூபாயில் 5 சதவீதம், 18,000 ரூபாய். பயணம் எப்போது என்பது கணக்கில்லை, பணம் கட்டியது எப்போது என்பதுதான் கணக்கு. அதே பேக்கேஜுக்கு ஏப்ரலில் பணம் கட்டியிருந்தால் 7,200 ரூபாய்தான்.

விமானச் சீட்டு மட்டும் வாங்கினாலோ, ஓட்டல் அறை மட்டும் பதிவு செய்தாலோ அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் இல்லை. சர்வதேசப் பயணச் சீட்டு, தங்குமிடம், இவை போன்ற மற்றச் செலவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் பேக்கேஜ். இதுவும் அதே 2023 சுற்றறிக்கையில் இருக்கிறது. உம்ரா குழுவோ எருசலேம் யாத்திரையோ, சீட்டும் தங்குமிடமும் சேர்த்து விற்றால் பேக்கேஜ்தான்.

டிராவல்ஸில் கவனிக்க வேண்டியது விகிதம் அல்ல, பான் எண். நம் ஊரில் குழுவாகப் போகும்போது ஒருவர் எல்லோரிடமும் பணம் வாங்கி மொத்தமாகக் கட்டுகிற வழக்கம் இருக்கிறது. பில் அவர் பெயரில் வரும், டிசிஎஸ் முழுவதும் அவர் பான் எண்ணில் ஏறும். மற்றவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்திருந்தாலும் ரிட்டர்னில் கேட்க எதுவும் இருக்காது. ஆகவே பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: "அண்ணாச்சி, பில்லு என் பேர்ல, என் பான் நம்பர்ல தனியாப் போடுங்க. டிசிஎஸ் எவ்வளவுன்னு தனி வரியாக் காட்டுங்க." மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி "எல்லாம் சேர்த்துத்தான்" என்று முடித்துவிடுகிற பில்லை வாங்காதீர்கள். விலை ஒரு வரியில், டிசிஎஸ் ஒரு வரியில், கீழே அந்த நிறுவனத்தின் டான் எண், அதாவது வரி பிடிக்கிறவர்களுக்கான எண், இருக்க வேண்டும். டான் எண் இல்லாதவர் பிடித்த வரியை உங்கள் பெயரில் கணக்குக் காட்டவே முடியாது.

இப்போது ஆசிரியரின் பான் எண்ணில் 50,000 ரூபாயும் 18,000 ரூபாயும் சேர்ந்து 68,000 ரூபாய் இருக்கிறது.

ரீஃபண்டுக்குக் காத்திருக்காமல் சம்பளத்திலேயே கழிக்கலாம்

மாதச் சம்பளக்காரர்கள் பலருக்குத் தெரியாத வசதி இது. 2024 அக்டோபரில் 12BAA என்ற படிவம் வந்தது. இவ்வளவு டிசிஎஸ் பிடித்திருக்கிறார்கள் என்று அதில் எழுதி, வங்கி ரசீதின் நகலோடு சம்பளம் போடும் அலுவலகத்தில் கொடுத்தால், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதி மாதங்களின் டிடிஎஸ்ஸைக் குறைப்பார்கள். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் படிவ எண்கள் மாறிவிட்டன, வசதி மாறவில்லை. "டிசிஎஸ் விவரம் கொடுக்கும் படிவம்" என்று கேட்டால் போதும்.

நம் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். கணக்கு எளிதாக இருக்க வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 13,25,000 ரூபாய்க்கு வரி 78,750, செஸ் 4 சதவீதம் சேர்த்து 81,900 ரூபாய். மாதம் 6,825 வீதம் அலுவலகம் பிடித்து வந்தது.

ஆகஸ்டில் பிடித்த 20,000 ரூபாய்க்கு அவர் செப்டம்பரிலேயே படிவம் கொடுத்தார். அதுவரை ஐந்து மாதத்தில் 34,125 பிடித்தாயிற்று. மிச்சம் 47,775. அதில் 20,000 குறைந்து 27,775 ஆனது. ஏழு மாதத்துக்குப் பிரித்ததில் மாதப் பிடித்தம் ஏறக்குறைய 3,970 ஆக இறங்கியது. மாதம் 2,850 ரூபாய் போலக் கூடுதலாகக் கைக்கு வந்தது.

ஜனவரியில் பிடித்த 30,000 ரூபாய்க்கும் உடனே படிவம் கொடுத்தார். ஆனால் ஜனவரிச் சம்பளம் போட்டாயிற்று. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்தில் பிடிக்க மிச்சம் இருந்ததே 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த இரண்டு மாதமும் பிடித்தம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். இனிப் பிடிக்கப்போகும் வரியைத்தான் அலுவலகம் குறைக்க முடியும், ஏற்கெனவே பிடித்து அரசுக்குக் கட்டியதைத் திருப்பித் தராது. ஆகவே பெரிய தொகையை ஆண்டின் முதல் பாதியில் அனுப்புகிறவர்களுக்குத்தான் இந்தப் படிவம் நன்றாக உதவும். மார்ச்சில் பிடித்த டிராவல்ஸ் பணத்துக்கு அது பயன்படவே இல்லை.

தொழில் செய்கிறவர்களுக்கு அலுவலகம் இல்லை, அவர்கள் முன்கூட்டு வரித் தவணை கட்டும்போது இந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம்.

ஜூன் வரை பொறுங்கள்

வங்கியோ டிராவல்ஸோ பிடித்த டிசிஎஸ் அன்றே உங்கள் கணக்கில் ஏறாது. அவர்கள் காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை கொடுப்பார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிடித்ததற்கு அக்டோபர் 15 கடைசி நாள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததற்கு மே 15. அதன் பிறகு பதினைந்து நாளுக்குள் 27D என்ற சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும்.

ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட்டு முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். நம் ஆசிரியரின் 68,000 ரூபாயில் 48,000 ரூபாய் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் உரியது. ஏப்ரலில் பார்த்தால் 20,000 மட்டுமே தெரிய வாய்ப்பு. உங்கள் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26AS தாளை ஜூன் முதல் வாரம் இப்படிப் போய்ப் பாருங்கள்:

```
incometax.gov.in
e-File → Income Tax Returns → View Form 26AS
```

அங்கிருந்து டிரேசஸ் தளத்துக்குப் போகும். 2025-26இல் பிடித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். Part VI என்ற பகுதியில் டிசிஎஸ் விவரம் இருக்கும். மூன்று விஷயம் பாருங்கள். பிடித்தவர் பெயர், பிடித்த தொகை, அரசுக்குக் கட்டிய தொகை. பிடித்த தொகையும் கட்டிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியின் பெயருக்கு நேரே மும்பையோ சென்னையோ சேர்ந்த டான் எண் இருந்தால் பயப்பட வேண்டாம், அந்நியச் செலாவணிப் பிரிவு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் எண் அது.

ஒரு பதிவையே காணோம் என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அவர்கள் அறிக்கையே கொடுக்கவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். இரண்டையும் வருமான வரி அலுவலகம் சரிசெய்யாது, பிடித்தவர்தான் திருத்த அறிக்கை கொடுக்க வேண்டும். வங்கி என்றால் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள், பணம் அனுப்பிய தேதி, தொகை, ரசீது எண் எல்லாம் சேர்த்து. டிராவல்ஸ் என்றால் அவர்களுடைய கணக்காளரின் எண்ணை வாங்கி நேரில் பேசுவதே வேகமான வழி. பேக்கேஜ் எடுத்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 26AS பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அறிக்கை தயாரிக்கிற கணக்காளருக்குத் தெரியும். ஜூனில் கேட்கத் தொடங்கினால் ஜூலை முடிவதற்குள் திருத்தம் ஏற நேரம் இருக்கும்.

ரிட்டர்னில் கேட்பது

சம்பளம் மட்டும் உள்ளவருக்கு ஐடிஆர்-1 போதும். மகள் பெயரில் வெளிநாட்டில் கணக்கு இருப்பதால் அது மாறாது. ஆனால் உங்கள் பெயரிலேயே வெளிநாட்டில் கணக்கோ பங்கோ இருந்தால் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2க்குப் போக வேண்டும். இரண்டுக்கும் கடைசி நாள் ஜூலை 31.

படிவத்தைத் திறந்ததும் வரி செலுத்திய விவரம் என்ற பகுதியில் டிசிஎஸ் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதை நம்பி அப்படியே அடுத்த பக்கம் போகாதீர்கள். 26AS தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். விட்டுப்போன பதிவை டான் எண், தொகை கொடுத்து நீங்களே சேர்க்கலாம். ஐடிஆர்-2இல் Schedule TCS அட்டவணையில், இந்த ஆண்டு எவ்வளவு கேட்கிறீர்கள் என்ற கட்டத்தில் தொகை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது காலியாக இருந்தால் மேலே தொகை காட்டியும் பயனில்லை, வரவில் சேராது.

ஆசிரியருடைய கடைசிக் கணக்கு இது. மொத்த வரி 81,900. சம்பளத்தில் பிடித்தது ஏறக்குறைய 53,960. டிசிஎஸ் 68,000. இரண்டையும் கூட்டி வரியைக் கழித்தால் 40,000 ரூபாய்க்குச் சற்று மேல் ரீஃபண்டு. 68,000இல் மீதி 28,000 ரூபாயைத்தான் அவர் சம்பளத்திலேயே முன்கூட்டி வாங்கிவிட்டாரே. ரிட்டர்ன் உரிய நாளுக்குள் போட்டிருந்தால் ஏப்ரல் 1இலிருந்து மாதம் அரை சதவீதம் வட்டியும் சேரும். ரீஃபண்டு உங்கள் மொத்த வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் வட்டி கிடையாது. கிடைக்கும் வட்டி, அது கைக்கு வரும் ஆண்டின் வருமானத்தில் சேரும்.

வரியே இல்லாதவர்கள் இதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர், வீட்டில் இருக்கும் அம்மா, இவர்கள் பெயரில் டிசிஎஸ் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் பணம் வரும். அதுமட்டுமல்ல, ஒரு ஆண்டில் டிடிஎஸ், டிசிஎஸ் இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாயைத் தொட்டாலே வருமானம் எவ்வளவு குறைவானாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். மூத்த குடிமக்களுக்கு அது 50,000. தனக்கோ மற்றவருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தவரும் அப்படியே. அம்மா தன் சேமிப்பில் 3,60,000 ரூபாய்ப் பேக்கேஜை எடுத்திருந்தால் அவர் ரிட்டர்ன் போட வேண்டியவர் ஆகிறார்.

சமர்ப்பித்த முப்பது நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாக ரிட்டர்னை உறுதி செய்யுங்கள். ரீஃபண்டு வர வேண்டிய வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் சில நேரம், ரிட்டர்னைப் பரிசீலித்தபின் வருமான வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் டிசிஎஸ் வரவைக் குறைத்துவிடுவார்கள். அறிவிப்பில் நீங்கள் கேட்ட தொகையும் அவர்கள் ஏற்ற தொகையும் பக்கம் பக்கமாக இருக்கும். வித்தியாசம் எந்த டான் எண்ணில் என்று கண்டுபிடித்து, முதலில் 26AS தாளை மறுபடி எடுங்கள். அங்கே அந்தப் பதிவு இப்போதும் இல்லை என்றால் பிடித்தவரிடம் போய்த் திருத்த அறிக்கை கேட்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை. பதிவு அங்கே ஏறியிருந்தால் தளத்தில் Services → Rectification போய் Tax credit mismatch correction என்பதைத் தேர்ந்தெடுத்து, விட்டுப்போன வரவைச் சேர்த்து அனுப்புங்கள். வங்கி ரசீதையும் 27D சான்றிதழையும் கோப்பில் வைத்திருங்கள், கேட்டால் காட்ட அவைதான் ஆதாரம்.